25 மீட்டரில் கதிர்க்குருவி: 1/2500 வைத்தும் மசமசப்பு. ஷட்டரா, டிசியா, லென்ஸா?

சரவணன்_கோவை | திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். சிங்காநல்லூர் குளத்தில் மூன்று வாரமாக ஒரே இடத்தில் உட்கார்ந்து படம் எடுக்கிறேன். கரையிலிருந்து சுமார் 25 மீட்டர் தள்ளி, தண்ணீருக்கு அந்தப்பக்கம் ஒரு சம்புப் புதர். அதில் ஒரு ஜோடி சாம்பல் கதிர்க்குருவி வந்து வந்து போகிறது. என்னிடம் இருப்பது நிக்கான் டி7200, 200-500 f/5.6 லென்ஸ். போன மாதம் லென்ஸின் நீளத்தை 1.4 மடங்கு கூட்டும் டெலிகன்வெர்ட்டர், அதாவது டிசி, ஒன்று பழையது வாங்கினேன்.

நேற்று காலை பத்து மணி வாக்கில் 140 படம் எடுத்தேன். 700 மி.மீ., f/8, 1/2500, ஐஎஸ்ஓ 800, மோனோபாடில்தான். நல்ல வெயில். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாமே ஈரத்துணியால் துடைத்தது மாதிரி இருக்கிறது. நண்பர் ஒருவர் ஷட்டர் போதவில்லை, 1/4000 வை என்றார். அதையும் வைத்துப் பார்த்தேன், அதே கதைதான். கன்வெர்ட்டரை விற்றுவிட்டு 600 மி.மீ. லென்ஸுக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் அனுபவம் என்ன?

ஷட்டர் சுந்தர் | திங்கள், இரவு 9.40

கணக்கு எளிது நண்பரே. 700 மி.மீ., கிராப் பாடி என்பதால் ஒன்றரையால் பெருக்கு, 1050. ஆக 1/1000 வைத்தாலே கை ஆட்டம் தெரியாது. நீங்கள் 1/2500 வைத்திருக்கிறீர்கள். அப்போ ஷட்டர் குற்றவாளி இல்லை.

குற்றவாளி கன்வெர்ட்டர்தான். நல்ல லென்ஸுக்கும் உடம்புக்கும் நடுவில் நான்கைந்து கண்ணாடியைச் சொருகினால் படம் எப்படித் தெளிவாக வரும்? கழற்றி வையுங்கள். f/5.6 கிடைக்கும், ஐஎஸ்ஓ 400-க்கு இறங்கும், நாய்ஸ் பாதியாகும், அப்புறம் கிராப் செய்துகொள்ளலாம். நான் ஆறு வருடமாக இப்படித்தான் எடுக்கிறேன்.

பட்டணம் ரவி | திங்கள், இரவு 10.05

சரவணன், பட்ஜெட் எவ்வளவு என்று சொல்லவில்லையே? நிக்கான் பி1000 கேமராவில் 3000 மி.மீ. ஜூம் இருக்கிறது. என் மச்சான் அதில் நிலாவையே எடுத்தான், பள்ளமெல்லாம் தெரிகிறது. 700-க்கு இவ்வளவு சிரமப்படுவானேன்?

மரகதம் | செவ்வாய், காலை 6.20

சரவணன் தம்பி, எதையும் விற்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம். முதலில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, குருவியைப் பார்க்காதீர்கள், அது உட்கார்ந்திருக்கும் சம்புத்தண்டைப் பாருங்கள். தண்டு கத்தி மாதிரி இருந்து தலை மட்டும் கலங்கியிருந்தால் குருவி அசைந்திருக்கிறது, ஷட்டர் போதவில்லை. தண்டு, குருவி, இலை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை. குருவி மங்கி, பின்னாலோ முன்னாலோ வேறொரு இலை தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது.

இரண்டு, தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படங்களை ஒரே இடத்தில் பெரிதாக்கி, அம்புக்குறி பட்டனால் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பாருங்கள். தண்டின் விளிம்பு ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு மாதிரி நெளிகிறதா?

ரவி சார், பி1000 பற்றி ஒரு வார்த்தை. அந்த 3000 என்பது ஃபுல்ஃபிரேமுக்கு ஒப்பிட்டுச் சொல்வது. லென்ஸின் உண்மையான நீளம் 539 மி.மீ., அங்கே f/8. சரவணன் கையில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே நீளம்தான். அதில் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவு, அதனால் பறவை சட்டகத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வாசல் குறுக்களவு 539-ஐ 8-ஆல் வகுத்தால் 67 மி.மீ. சரவணனுடையது 500-ஐ 5.6-ஆல் வகுக்க 89 மி.மீ. குருவியிடமிருந்து வரும் வெளிச்சத்தை இவருடைய லென்ஸ்தான் அதிகமாக அள்ளுகிறது. நிலா வெயிலில் நிற்கும் பாறை, கதிர்க்குருவி நிழலில் குதிப்பது. இரண்டும் ஒன்றல்ல.

பட்டணம் ரவி | செவ்வாய், காலை 8.31

அட, கேமரா வாங்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். மன்னிக்கவும்.

சரவணன்_கோவை | செவ்வாய், இரவு 8.50

மரகதம் அக்கா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். தண்டும் கலங்கித்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கமாக இழுபடவில்லை. ஓட்டிப் பார்த்தபோதுதான் ஆச்சரியம். தண்டு நேராகவே இல்லை. ஒரு படத்தில் நடுவில் வீங்கியிருக்கிறது, அடுத்ததில் அதே இடம் ஒடுங்கியிருக்கிறது. குருவியின் அலகு ஒரு படத்தில் இரண்டு கோடாகத் தெரிகிறது. பாம்பு நெளிகிற மாதிரி இருந்தது. எங்கேயும் தெளிவான இலை கிடைக்கவில்லை.

மரகதம் | செவ்வாய், இரவு 9.30

அதுதான். கானல். தார்ச்சாலையில் மத்தியானம் தூரத்தில் தண்ணீர் மாதிரி தெரியுமே, அந்தச் சங்கதிதான், கொஞ்சம் மென்மையாக. பத்து மணிக்குக் கரை மண் சூடாகிவிட்டது, தண்ணீர் இன்னும் குளிர்ச்சி. உங்கள் முன்னால் இருக்கும் சூடான கரையிலிருந்து எழும்பும் காற்றும் தண்ணீர் மேல் இருக்கும் காற்றும் கலக்கின்றன. ஒவ்வொரு காற்றுக் குமிழியும் ஒரு மோசமான லென்ஸ். 25 மீட்டருக்கு இப்படி நூறு லென்ஸ் வழியாகப் பார்த்தால் 1/4000 என்ன, 1/8000 வைத்தாலும் உதவாது. ஷட்டரைக் கூட்டினால் நெளிவு உறையும், நேராகாது.

டிசி இதில் செய்த தப்பு, நெளிவையும் சேர்த்து 1.4 மடங்கு பெரிதாக்கிக் காட்டியதுதான்.

இனி ஷட்டர் விஷயம். சுந்தர் சொன்ன விதி கைக்கு மட்டும்தான் பொருந்தும். அது குருவியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நான் வேறு மாதிரி யோசிப்பேன். குருவி சட்டென்று தலையைத் திருப்புகிறது, நொடிக்கு அரை மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். 1/500 நொடியில் அலகு 1 மி.மீ. நகர்ந்துவிடும். 1/1000-இல் அரை மி.மீ., 1/2000-இல் கால். கதிர்க்குருவியின் கண்ணே மூன்று நான்கு மி.மீ.தான் இருக்கும். 1 மி.மீ. இழுப்பு என்றால் கண்ணில் நான்கில் ஒரு பங்கு கலங்கிவிட்டது. கால் மி.மீ. என்றால் யாருக்கும் தெரியாது.

இந்தக் கணக்கில் குவியத்தூரம் எங்கேயும் வரவில்லை, கவனியுங்கள். 500-இல் எடுத்தாலும் 700-இல் எடுத்தாலும் கண்ணோடு ஒப்பிட்ட கலக்கம் அதேதான். டிசி போட்டதனாலேயே குருவிக்காக ஷட்டரை ஏற்ற வேண்டியதில்லை. கைக்காகத்தான் ஏற்ற வேண்டும், அதற்கு மோனோபாடும், லென்ஸுக்குள் ஆட்டத்தைச் சரிசெய்யும் விஆரும் இருக்கின்றன. ஆனால் விஆர் உங்கள் கையைத்தான் நிறுத்தும், குருவியை நிறுத்தாது.

தலை திருப்பாமல் அரை நொடி நிற்கிற நேரம் ஒன்று உண்டு. கத்தி முடித்தவுடன், அல்லது நம்மைப் பார்த்துவிட்டு. அந்த நேரத்தில் 1/320 கூடப் போதும். அதனால் வெளிச்சம் குறைந்தால் ஷட்டரை இறக்கி, பத்துப் பத்தாகச் சுட்டு, நின்ற நொடி ஒன்று மாட்டுமா என்று பார்ப்பேன். பறக்கும்போது எடுக்கிற கதை வேறு, அங்கே 1/3200-க்குக் கீழே நான் போவதில்லை.

ஷட்டர் சுந்தர் | செவ்வாய், இரவு 10.15

கானல் சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் டிசி விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஐஎஸ்ஓ 1600-இல் 800-ஐ விட நாய்ஸ் அதிகம், கண்ணால் பார்க்கிறேன்.

மரகதம் | புதன், காலை 6.05

கண்ணால் பார்ப்பது சரிதான். எதை எதோடு வைத்துப் பார்க்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. இரண்டையும் நூறு சதவீதத்தில் வைத்துப் பார்த்தால் டிசி படம் கரடுமுரடாகத்தான் இருக்கும். ஆனால் அதில் குருவி பெரிதாக இருக்கிறதே. இரண்டிலும் குருவி ஒரே அளவு வரும்படி வைத்துப் பாருங்கள்.

முன்னால் இருக்கிற கண்ணாடி மாறவில்லை. டிசி இல்லாமல் 500-ஐ 5.6-ஆல் வகுத்தால் 89 மி.மீ. டிசி போட்டு 700-ஐ 8-ஆல் வகுத்தால் 87.5. அதே வாசல், அதே ஷட்டர், குருவியிடமிருந்து உள்ளே வரும் வெளிச்சமும் அதேதான். டிசி அதைக் கூடுதல் பிக்சல்கள் மேல் பரப்புகிறது, அவ்வளவுதான். ஒரு டம்ளர் சாம்பாரை இரண்டு இட்லிக்கு ஊற்றினாலும் நான்குக்கு ஊற்றினாலும் சாம்பார் அதே அளவு. கிராப் செய்துவிட்டு நாய்ஸ் குறைந்தது என்று சொன்னால், கிராப் செய்த இடத்தில் நீங்கள் தூக்கிப்போட்டது பின்னணியின் வெளிச்சம்தான். குருவியுடையது கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதனால் டிசி போடலாமா வேண்டாமா என்பதை ஐஎஸ்ஓவை வைத்து முடிவு செய்வது தப்பு. பிக்சலை வைத்து முடிவு செய்ய வேண்டும். கதிர்க்குருவி வாலோடு 13 செ.மீ. 25 மீட்டரில் 500 மி.மீ. லென்ஸ் அதை சென்சாரில் 2.6 மி.மீ. நீளத்துக்கு வரையும். டி7200-இன் ஒரு பிக்சல் 3.9 மைக்ரான். ஆக வால் நுனி முதல் அலகு வரை சுமார் 670 பிக்சல். அகலம் 6000 பிக்சல் உள்ள படத்தில் இவ்வளவுதான். டிசி போட்டால் 930 பிக்சல்.

உண்மையில் டிசிக்குக் கொடுக்கும் விலை வேறு இரண்டு இடத்தில். லென்ஸின் குறைகளும் அதோடு பெரிதாகும். அப்புறம் ஆட்டோஃபோகஸ். டி7200-இல் f/8-க்கு நடுப்புள்ளி ஒன்றுதான் வேலை செய்யும், மற்ற ஐம்பதும் படுத்துவிடும். குருவியை நடுவில் வைத்தே எடுக்க வேண்டும், புதருக்குள் வேட்டையாடும்போது அது பெரிய தொல்லை. இதில் சுந்தர் பக்கம் நியாயம் இருக்கிறது.

அராலி வாசன் | புதன், முற்பகல் 11.48

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என்னிடம் கனன் ஆர்7 கமராவும் 100-500 லென்ஸும் 1.4 கன்வெர்ட்டரும் இருக்கின்றன. சதுப்பு வெளிகளில் சிறிய உப்புக்கொத்திகளைப் படமெடுப்பேன், பெரும்பாலும் தரையில் படுத்துக்கொண்டுதான். ஒரு வருடம் கன்வெர்ட்டரோடு எடுத்து, பிறகு கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. f/10 என்று வருவதும், 300-க்குக் கீழே ஜூம் இறங்காததும்தான் மிச்சம். ஒருநாள் பறவை என் முன்னாலேயே வந்து நின்றது, முழுதாகப் படத்துக்குள் அடக்க முடியவில்லை.

கானலைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. வெயில் ஏற முதல், ஏழரைக்குள் எடுத்த படங்கள்தான் தேறும். மப்பு நாள் என்றால் பத்து மணி வரைக்கும் பிரச்சினை இல்லை. படுத்துக்கொண்டு எடுக்கும்போது சேற்றின் மேல் ஒரு சாண் உயரத்தில் இருக்கும் காற்று வழியாகத்தானே பார்க்கிறோம், அங்கே இன்னும் மோசம். ஆக என் தீர்ப்பு, கன்வெர்ட்டர் வீண் செலவு.

மரகதம் | புதன், இரவு 7.55

வாசன் அண்ணா, உங்கள் கமராவுக்கு உங்கள் தீர்ப்பு சரி. ஆர்7-இன் பிக்சல் 3.2 மைக்ரான். டிசி இல்லாமலே அதே குருவி அதே தூரத்தில் 810 பிக்சல் கிடைத்துவிடும். அதற்கு மேல் பரப்பினால் லென்ஸ் தரக்கூடிய நுணுக்கம் தீர்ந்துபோகிறது, f/10-இல் ஒளியின் விளிம்பு விளைவும் வந்து சேர்ந்துகொள்ளும். வெறும் பெரிதாக்கம்தான் மிஞ்சும், அதைக் கணினியிலேயே செய்யலாம். 24 மெகாபிக்சல் ஃபுல்ஃபிரேம் வைத்திருப்பவருக்கு நேர் எதிர். அவர் பிக்சல் கிட்டத்தட்ட 6 மைக்ரான், அங்கே டிசி நன்றாகவே சம்பாதித்துக் கொடுக்கும். சரவணன் இருப்பது நடுவில். அவர் லென்ஸ் எப்படி என்று சோதித்துத்தான் சொல்ல முடியும்.

தம்பி, இந்த ஞாயிறு ஒரு வேலை செய்யுங்கள். காலை ஆறரைக்கு, நிழலில், 12 மீட்டர் தூரத்தில் ஒரு தீப்பெட்டியை நிறுத்துங்கள். லேபிளில் இருக்கும் பொடி எழுத்துதான் நமக்குச் சாட்சி. கேமராவை முக்காலியில் வையுங்கள். முதலில் லைவ்வியூவில் ஃபோகஸ் செய்து டிசியோடு பத்து, டிசி இல்லாமல் பத்து. பிறகு வியூஃபைண்டர் வழியாக அதேபோல். டிசி இல்லாத படத்தை 1.4 மடங்கு பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதே தீப்பெட்டியைப் பத்து மணிக்குக் குளத்துக்கு அந்தப்பக்கம் வைத்து லைவ்வியூவில் மட்டும் ஒருமுறை எடுங்கள்.

நித்யா_மடிப்பாக்கம் | வியாழன், மாலை 4.10

இடையில் ஒரு கேள்வி. 2 மடங்கு கன்வெர்ட்டர் போட்டால் 1000 மி.மீ. ஆகுமே, யாராவது முயன்றதுண்டா? இன்னொன்று, குருவியின் குரலை ஃபோனில் போட்டால் பக்கத்திலேயே வந்துவிடும் என்கிறார்கள்.

மரகதம் | வியாழன், இரவு 8.22

2 மடங்கு போட்டால் f/11. டி7200 வியூஃபைண்டரில் ஃபோகஸே செய்யாது. மிரர்லெஸ் என்றால் முயன்று பார்க்கலாம், f/4 லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது.

குரல் போடாதீர்கள் நித்யா. எதிரி ஆண் வந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது ஓடி வருகிறது. கூடு கட்டும் நேரத்தில் வேலையை விட்டுவிட்டுச் சண்டைக்கு அலையும். அதற்குப் பதில் ஒரு கணக்கு சொல்கிறேன். 25 மீட்டரில் டிசி தருவதை, டிசி இல்லாமல் 18 மீட்டரில் நின்றால் பெறலாம். ஏழு மீட்டர்தான் டிசியின் மதிப்பு. அந்த ஏழு மீட்டர் கானலும் குறையும், f/5.6-உம் கையில் இருக்கும். சரவணனுக்கு நடுவில் தண்ணீர் இருப்பதால்தான் டிசியைப் பற்றியே பேசுகிறோம்.

சரவணன்_கோவை | ஞாயிறு, இரவு 9.05

அக்கா, சோதனை முடிந்தது. வீட்டு மதில்மேல் தீப்பெட்டியை நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன தம்பி பூஜையா என்று கேட்டார்.

காலை ஆறரை, லைவ்வியூ: டிசியோடு எடுத்ததில் பொடி எழுத்தைப் படிக்க முடிகிறது. டிசி இல்லாததைப் பெரிதாக்கினால் எழுத்து இருப்பது தெரிகிறது, படிக்க முடியவில்லை. ஆக என் லென்ஸுக்கு டிசி உதவுகிறது, கொஞ்சம்தான், ஆனால் உதவுகிறது.

வியூஃபைண்டரில்தான் இடி. டிசி இல்லாமல் சரியாக இருக்கிறது. டிசி போட்டால் லேபிள் மங்கல், தீப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் மதிலின் சொரசொரப்பு பளிச்சென்று தெரிகிறது. பத்துக்குப் பத்தும் அப்படியே.

பத்து மணிக்குக் குளத்தில்: டிசி போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே கஞ்சி.

மரகதம் | ஞாயிறு, இரவு 9.40

அப்போ இரண்டு வியாதி ஒன்றாக இருந்திருக்கிறது. கானல் பெரியதாக நின்று மற்றதை மறைத்துவிட்டது. ஃபோகஸ் பின்னால் விழுகிறது. மெனுவில் ஆட்டோஃபோகஸ் ஃபைன்ட்யூனைத் திறந்து, டிசி மாட்டிய நிலையிலேயே மைனஸ் பக்கம் இரண்டிரண்டாக இறக்கிப் பாருங்கள். வெறும் லென்ஸுக்கு வைத்த எண் டிசியோடு சேர்ந்தால் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம், தனியாகவே பார்க்க வேண்டும்.

சரவணன்_கோவை | அடுத்த ஞாயிறு, முற்பகல் 11.20

மைனஸ் 6-இல் மதில் மங்கி லேபிள் எழுந்து வந்தது. இன்று காலை 6.50-க்குக் குளத்தில் இருந்தேன். 700 மி.மீ., f/8, 1/1000, ஐஎஸ்ஓ 2000. ஒரு குருவி சம்பு நுனியில் ஏறி வாலை விறைத்துக்கொண்டு கத்தியது. 60 படத்தில் 13 தெளிவு. நான்கில் தண்டு தெளிவு, தலை மட்டும் கலக்கம், அது நீங்கள் சொன்ன தலைத் திருப்பம். கண்ணுக்குள் எதிர்க்கரைத் தென்னை மரம் தெரிகிறது! எட்டே காலுக்கு மேல் நெளிவு ஆரம்பித்தது, மூட்டை கட்டிவிட்டேன்.

ஒரு சந்தேகம். விஆரை ஆன் செய்தே எடுத்தேன். அணைத்திருந்தால் இன்னும் கூடியிருக்குமா?

ஷட்டர் சுந்தர் | ஞாயிறு, பகல் 1.02

1/1000-க்கு மேல் அணைத்துவிடுங்கள். உள்ளே ஒரு கண்ணாடி ஆடிக்கொண்டே இருப்பது நல்லதுக்கில்லை. நான் அணைத்த பிறகு எனக்குத் தெளிவு கூடியது. (தீப்பெட்டி வைத்து என் டிசியையும் பார்த்தேன். என்னுடையதில் உண்மையிலேயே எழுத்து தெரியவில்லை. ஆகவே நான் கழற்றியது கழற்றியதுதான்.)

மரகதம் | ஞாயிறு, மாலை 5.45

நான் அணைப்பதில்லை. 700-இல் வியூஃபைண்டருக்குள் குருவி துள்ளிக்கொண்டே இருந்தால் ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கண்மேல் நிறுத்த முடியாது, எனக்கு விஆர் அதற்குத்தான். படத்தின் தெளிவில் கெடுதல் செய்கிறதா என்று இரண்டு முறை சோதித்தேன், ஒருமுறை ஆன் ஜெயித்தது, ஒருமுறை ஆஃப். சுந்தருக்கு அவர் லென்ஸில் வேறு மாதிரி இருக்கலாம்.

அராலி வாசன் | ஞாயிறு, இரவு 8.19

நான் மோனோபாட் என்றால் அணைப்பேன், கையில் என்றால் போடுவேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

சரவணன்_கோவை | ஞாயிறு, இரவு 8.33

சரி, அடுத்த வாரம் ஐம்பது ஆன், ஐம்பது ஆஃப், தீப்பெட்டியிலேயே. மதில்மேல் வைத்த பெட்டியை மட்டும் யாரோ அடுப்புப் பற்றவைக்க எடுத்துப் போய்விட்டார்கள், புதிது வாங்க வேண்டும்.